‘பண்ணாதீங்க’ என்ற சொல்லை வெட்டியவர்கள் நாங்கள்தான்



இது நீளமான பதிவு. கோபமான பதிவும் கூட. யார் மேல கோபம்னா, முதல்ல எங்க மேலதான். அப்புறம், எங்களை மாதிரியே ஆலயத்துக்குப் போஸ்டர் செய்யும் எல்லா இளைஞர் குழுக்கள் மேலயும், “சஸ்பென்ஸ் வைங்க தம்பி, அப்பத்தான் கேப்பாங்க” என்று சொல்லிக் கொடுக்கும் பெரியவங்க மேலயும்.

நாங்கள் ஓர் ஆலயத்தின் தொண்டர்கள். தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், செருப்பு பாத்துக்கிறது எல்லாம் செய்வோம். கூடவே எங்களில் நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். ஆலயத்தின் பின்னாடி இருக்கும் ஸ்டோர் ரூம்தான் ஸ்டூடியோ. ஒவ்வொரு எபிசோடு வரும்போதும் இன்ஸ்டாகிராமில் ஆறு படம் போடுவோம். விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது, கரோசல் என்று சொல்வார்களே, அதுதான். முதல் படம் அட்டை. இரண்டாவது விருந்தினர் யார் என்பது. மூன்று, நாலு, ஐந்தாவது படங்களில் பேச்சிலிருந்து மூன்று விஷயம். ஆறாவதில் எங்கே கேட்கலாம் என்பது. பாட்காஸ்ட் வைத்திருக்கும் எல்லாரும் செய்வதுதான் இது.

போன தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்னாடி நாங்கள் போட்ட ஆறு படத்தில், இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை நாலு படம் தப்பு. ஒன்று ஓர் அங்கிளைக் கிளினிக்குக்கு அனுப்பியது. நடந்ததை மறைக்காமல் சொல்கிறோம். ஏன் தப்பு, எப்படிச் செய்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். இந்த வருஷம் நீங்கள் அதே தப்பைச் செய்யக் கூடாது என்பதற்காக.

*விருந்தினர் யார்?*

ஓய்வு பெற்ற மிஸ்ஸி ஒருவர். அரசாங்க மருத்துவமனையில் முப்பது வருஷத்துக்கு மேல வேலை செய்தவர். அதில் பாதிக் காலம் இனிப்பு நீர் நோயாளிகளைக் கவனித்தவர். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் முதலுதவிக் கூடாரத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். இனிப்பு நீர் இருப்பவர்கள் விரதம் இருந்து, பால்குடம், காவடி எடுக்கும்போது என்ன கவனிக்கணும் என்பதுதான் பேச்சு. ஐம்பது நிமிஷத்துக்கு மேல பேசினார். ஒரு நிமிஷம் கூட வீண் இல்லை.

இரண்டாவது படத்தில் நாங்கள் என்ன போட்டோம் தெரியுமா? “சேவைச் செம்மல், சமூகத் தொண்டர், மருத்துவ நிபுணர்.” கீழே பூமாலை டிசைன்.

அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “தம்பி, நான் மிஸ்ஸி. நிபுணர்னு போட்டா நான் டாக்டர்னு நெனைச்சிக்குவாங்க. நான் சொன்னதை டாக்டர் சொன்னதா எடுத்துக்குவாங்க. அது எனக்கும் நல்லதில்ல, கேக்கிறவங்களுக்கும் நல்லதில்ல.”

நம்ம ஆட்களுக்குப் பட்டம் போடுவது ஒரு வியாதி. அழைப்பிதழில் ஆரம்பித்த வியாதி, இப்போ இன்ஸ்டாகிராம் வரைக்கும் வந்துவிட்டது. மேடைக்கு வருபவரை மரியாதை பண்ணப் பட்டம் போடுகிறோம், சரி. பாட்காஸ்டுக்கு விருந்தினரை அறிமுகப்படுத்துவது மரியாதை பண்ணுவதற்கு இல்லை. ‘இந்த விஷயத்தில் இவர் பேச்சை நான் ஏன் கேட்கணும், எது வரைக்கும் நம்பணும்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு. ‘சேவைச் செம்மல்’ அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ‘மருத்துவ நிபுணர்’ பொய்ப் பதில்.

இப்போது எழுதினால் இப்படி எழுதுவோம்: “ஓய்வு பெற்ற மிஸ்ஸி. முப்பது வருஷ வேலை. இனிப்பு நீர் வார்டும் கிளினிக்கும் பார்த்தவர். தைப்பூச முதலுதவிக் கூடாரத்தில் தொண்டர். டாக்டர் இல்லை, மருந்து மாற்றம் பற்றி உங்கள் டாக்டரைக் கேட்கச் சொல்பவர்.” கடைசி வரியைப் பாருங்கள். அது அவரைச் சின்னதாக்கவில்லை. அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று காட்டுகிறது. இந்தப் படத்தை முதல்முறை ஒழுங்காகச் செய்திருந்தால், அடுத்த படத்தில் நாங்கள் செய்த தப்பின் வீரியம் பாதியாவது குறைந்திருக்கும்.

*முதல் விஷயம்: வெட்டுப்பட்ட வாக்கியம்*

அவர் ஒலிப்பதிவில் சொன்னது இது:

“மாத்திரையைப் பாதியாக் குறைச்சிக்கிட்டா விரதம் இருக்கலாம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. விரதம் தொடங்கறதுக்கு முன்ன கிளினிக்குக்குப் போங்க. ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை மணிக்குச் சாப்பிடப் போறீங்கன்னு சொல்லுங்க. நோன்பு மாசத்துல மலாய்க்காரங்களுக்கு மருந்து நேரத்தை மாத்திக் குடுக்கிறாங்கல்ல, அதே மாதிரி நமக்கும் பாத்துக் குடுப்பாங்க. நாமதான் போய்க் கேக்கிறதில்ல.”

நாங்கள் மூன்றாவது படத்தில் போட்டது இது:

“மாத்திரையைப் பாதியாக் குறைச்சிக்கிட்டா விரதம் இருக்கலாம்...”
மீதியை எபிசோடில் கேளுங்கள்!

செய்யும்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குத்தான் தெரியுமே! மூன்று புள்ளி வைத்திருக்கிறோம், மீதியைக் கேட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். அழகாக வேறு இருந்தது. காவி நிறப் பின்னணி, வெள்ளை எழுத்து.

எங்கள் ஆலயத்துக்கு வழக்கமாக வரும் அங்கிள் ஒருவர். வருஷா வருஷம் பால்குடம் எடுப்பவர். அவர் இன்ஸ்டாகிராமில் இல்லை, பாட்காஸ்ட் என்றால் என்னவென்றும் தெரியாது. புலனக் குழுவில் யாரோ அந்த ஒரு படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். ஆலயத்தின் சின்னம் மேலே இருக்கிறது. ‘மருத்துவ நிபுணர்’ படமும் ஏற்கனவே குழுவில் சுற்றியிருக்கிறது. அவர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். விரதச் சாப்பாடு என்ன? மத்தியானம் வயிறு நிறையச் சோறு, மற்ற நேரம் பழம், பால், ஆலயத்தில் சர்க்கரைப் பொங்கல். இரண்டு வாரத்தில் ராத்திரி நாலு தடவை எழுந்து போனார், தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். மகள் பார்த்துவிட்டுக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். விரலில் குத்திப் பார்த்தால் 19-க்கு மேல. சாப்பாட்டுக்கு முன்னாடி 7-க்குள் வைத்திருக்கச் சொன்ன மனிதருக்கு 19.

அங்கிள் இப்போது நன்றாக இருக்கிறார். எங்களைத் திட்டவும் இல்லை. “கோயில்ல போட்டிருந்தீங்களே தம்பி” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

இதில் எல்லாரும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தமிழில் ‘வேண்டாம்’, ‘கூடாது’, ‘பண்ணாதீங்க’, ‘இல்லை’ எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். இங்கிலீஷில் ‘டோன்ட்’ என்பது முதலிலேயே வந்துவிடும். அந்த வாக்கியத்தைப் பாதியில் வெட்டினாலும் ‘செய்யாதே’ என்பது தங்கிவிடும். தமிழ் வாக்கியத்தை எங்கே வெட்டினாலும் முதலில் விழுவது அந்தக் கடைசிச் சொல்தான். ‘டாக்டரைக் கேட்ட பிறகு’, ‘இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனைகளும் பல நேரம் அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளிப் போய்விடும். அதனால் இங்கிலீஷ் பாட்காஸ்ட்காரர்கள் செய்வதைப் பார்த்து, பாதி வாக்கியம் போட்டு மூன்று புள்ளி வைக்கும் பழக்கத்தை நாம் எடுத்துக்கொண்டால், நம்ம மொழியில் அது பல நேரம் நேர் எதிர் அர்த்தம் கொடுக்கும். அவர்களுக்கு வெறும் சஸ்பென்ஸ். நமக்குப் பொய்.

வைப்பதற்கு இடமில்லை என்று டிசைன் செய்யும் தம்பி சொன்னார். உண்மைதான். செங்குத்துப் படம், 1080-க்கு 1350. போனில் அம்மாக்கள் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு எழுத்து வைத்தால், எங்கள் கணக்கில் பதினைந்து, பதினெட்டு தமிழ்ச் சொல்தான் கொள்ளும். நம்ம சொற்கள் நீளம். அப்படியென்றால் வாக்கியத்தை வெட்டக் கூடாது, வேறு வாக்கியம் எழுத வேண்டும். சின்ன வாக்கியமாக, வினைச்சொல்லோடு முடிகிற மாதிரி:

“நீங்களே மாத்திரையைக் குறைக்காதீங்க. விரதத்துக்கு முன்னயே கிளினிக்ல உங்க சாப்பாட்டு நேரத்தைச் சொல்லிக் கேளுங்க.”

எண்ணிப் பாருங்கள். பதினொரு சொல். இடமும் போதும், அர்த்தமும் போதும். ஆனால் இது அவர் சொன்ன வாக்கியம் இல்லை, நாங்கள் சுருக்கியது. அதனால் மேற்கோள் குறி போடக் கூடாது. மேற்கோள் குறி போட்டால் அவர் வாயிலிருந்து வந்த சொல் அப்படியே இருக்கணும், முழுசாக இருக்கணும்.

*இரண்டாவது விஷயம்: ஒளித்து வைத்த அறிவுரை*

நாலாவது படத்தில் இப்படிக் கேட்டிருந்தோம்: “காவடி இறக்கிய அன்று இரவு, தூங்கும் முன் நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம்... என்னவென்று தெரியுமா?”

பதில் எபிசோடில் முப்பதாவது நிமிஷத்துக்கு மேல வருகிறது. பதில் இதுதான்: உள்ளங்காலைப் பாருங்கள்.

இனிப்பு நீர் பல வருஷம் இருந்தால் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். வெறும் காலில் சூடான தார் ரோட்டில் நடந்தாலும், கல் குத்தினாலும், வலிக்காது. வலிக்காததால் ‘முருகன் புண்ணியத்துல ஒன்னும் ஆகல’ என்று படுத்துவிடுவார்கள். மிஸ்ஸி அக்கா சொன்னார்: வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவித் துடைத்து, வீட்டில் இருக்கும் ஒருவரை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். விரல் இடுக்கும் பார்க்கணும். கொப்புளம், வெட்டு, சிவந்த இடம் இருந்தால் மறுநாளே கிளினிக். கொப்புளத்தை உடைக்காதீர்கள். ஒரு வாரம் விட்டுவிட்டு, சீழ் வைத்த பிறகு வந்தவர்களில் விரலை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன் என்றார்.

இதை ஏன் ஒளித்து வைத்தோம்? ஒளித்தால் கேட்பார்கள் என்று. சரி, கேட்டார்களா? அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் பத்தில் ஒருவர் கூட எபிசோடைத் தொடவில்லை. தொட்டவர்களிலும் முப்பது நிமிஷம் தாண்டியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். உங்கள் பக்கத்திலும் இந்தக் கணக்கு இருக்கிறது. திறந்து பாருங்கள். மனசு கொஞ்சம் வலிக்கும்.

இங்கேதான் எங்கள் வாதமே இருக்கிறது. நாம் கரோசலை எபிசோடுக்குக் கதவு என்று நினைக்கிறோம். நம்ம ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஆறு படம்தான் எபிசோடே. ஐம்பது நிமிஷம் காதில் மாட்டிக்கொண்டு கேட்க அவர்களுக்கு நேரம் இல்லை, பலருக்கு எப்படிக் கேட்பது என்றே தெரியாது. அவர்களுக்கு நாம் கொடுக்கப் போவது அந்த பதினைந்து சொல் மட்டும்தான். அதிலும் ‘தெரியுமா?’ என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால், அன்னதானத்துக்கு வந்தவருக்கு மெனு கார்டைக் காட்டி அனுப்பிய மாதிரி.

“முழுசாச் சொல்லிட்டா அப்புறம் யார் கேப்பாங்க?” என்று ஆலோசகர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அதனால் நேராகவே பதில் சொல்கிறோம். எதையாவது பிடித்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் அறிவுரையைப் பிடித்து வைக்கக் கூடாது, கதையைப் பிடித்து வைக்கலாம். ‘உள்ளங்காலைப் பாருங்கள்’ என்பது அறிவுரை. அதைப் படத்திலேயே கொடுத்துவிட வேண்டும். ஒரு காவடிக்காரர் காலில் ஆணியோடு மூன்று நாள் நடந்தது எப்படி, அவர் மனைவி அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது கதை. அதை மிஸ்ஸி அக்கா குரலில்தான் கேட்க வேண்டும். இப்படி எழுதலாம்:

“காவடி இறக்கிய ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள். வலிக்கவில்லை என்றாலும் பாருங்கள். காலில் ஆணியோடு மூன்று நாள் நடந்தவர் கதை, 31-வது நிமிஷத்தில்.”

நிமிஷத்தைப் போடுவது முக்கியம். முழுதும் கேட்க நேரமில்லாதவர் அந்த இடத்துக்கு மட்டும் போகலாம். இப்படிச் செய்தால் கேட்பவர்கள் கூட்டம் பெருகிவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அதற்குப் பிறகு போட்ட எபிசோடுகளில் கேட்டவர்கள் எண்ணிக்கை கிட்டத்தட்ட முன்னாடி இருந்த அளவுதான். குறையவும் இல்லை. ஆனால் படத்தைச் சேமித்து வைப்பவர்கள் கூடினார்கள். சஸ்பென்ஸ் படத்தை யாராவது எதற்காகச் சேமிக்கப் போகிறார்கள்?

*மூன்றாவது விஷயம்: விருந்தினரை மாட்டிவிட்ட வரி*

ஐந்தாவது படம்: “அருளா? சீனிக் குறைவா? மிஸ்ஸி உடைக்கும் அதிர்ச்சி உண்மை!”

இதுதான் அதிகம் பரவியது. இதற்காகத்தான் அந்த அம்மாவைத் திட்டினார்கள். “நாலு எழுத்து படிச்சிட்டா சாமியையே சந்தேகப்படுவியா” என்று எங்கள் பதிவின் கீழேயே எழுதினார்கள். முப்பது வருஷமாக அதே சந்நிதியில் விளக்கு ஏற்றும் அம்மா அவர்.

அவர் சொன்னது என்ன? “அருள் வர்றவங்களை நான் சந்தேகப்படல. அது எனக்குத் தெரியாத விஷயம். எனக்குத் தெரிஞ்சது ஒன்னுதான். இன்சுலின் ஊசி போடுறவர், சில வகை மாத்திரை சாப்பிடுறவர், பட்டினியா நடந்தா சீனி 4-க்குக் கீழ எறங்கும். அப்போ வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், ஆளை அடையாளம் தெரியாது. பாக்கிறவங்க அருள்னு நெனைச்சிக் கும்பிட்டுக்கிட்டு நிப்பாங்க. அவருக்கு இனிப்பு நீர் இருக்குன்னு தெரிஞ்சா, விபூதி பூசும்போதே ஒரு டம்ளர் சீனித் தண்ணியும் குடுங்க. அருளா இருந்தா ஒரு டம்ளர் தண்ணியால ஒன்னும் கெட்டுப் போகாது.”

எவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். நாங்கள் அதை ‘அருளா? சீனியா?’ என்று சண்டையாக்கினோம். அவர் ‘இதுவும் இருக்கலாம்’ என்றதை ‘அது இல்லை, இதுதான்’ என்று ஆக்கினோம். ‘அதிர்ச்சி உண்மை’ என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. யூடியூப் சினிமாச் செய்தியிலிருந்து நாங்கள் எடுத்து ஒட்டியது.

இதன் விலை அவருடைய மனவருத்தம் மட்டும் இல்லை. கோபப்பட்ட பெரியவர்கள்தான் ஊர்வலத்தில் காவடிக்காரர் பக்கத்தில் நிற்பவர்கள். சீனித் தண்ணி கொடுக்க வேண்டிய கை அவர்களுடையது. அவர்களையே எதிராளியாக்கிவிட்டு, யாருக்காக அந்தப் படம்?

சரியான படம் இப்படி இருந்திருக்க வேண்டும்: “இனிப்பு நீர் உள்ளவர் வேர்த்து, நடுங்கி, பேச்சு குழறினால், விபூதியோடு ஒரு டம்ளர் சீனித் தண்ணீரும் கொடுங்கள்.” படத்தின் கீழே எழுதும் குறிப்பில் மீதி விவரம்: மூன்று தேக்கரண்டி சீனி, கால் மணி நேரத்தில் மறுபடி பார்ப்பது, தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை, தெளிந்த பிறகு சாப்பாடு. நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே 999, அல்லது பக்கத்தில் இருக்கும் முதலுதவிக் கூடாரம்.

சிலர் கேட்பார்கள், இப்படி எல்லாம் எழுதினால் யார் நின்று படிப்பார்கள் என்று. காவடிக்குப் போகும் ஒரு குடும்பத்தில் இனிப்பு நீர் உள்ளவர் ஒருவர் இருந்தால், அவர்கள் நின்று படிப்பார்கள். மற்றவர்கள் தள்ளிக்கொண்டு போனால் போகட்டும்.

*படம் தனியாகப் போகும்*

ஆறு படத்தையும் நாம் வரிசையாகத்தான் யோசிக்கிறோம். பார்ப்பவர் வரிசையாகப் பார்ப்பதில்லை. முதல் படத்தைத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே பதிவை இரண்டாவது படத்திலிருந்து காட்டும். அதையே பேஸ்புக்கில் ஏற்றினால் நாலைந்து படத்தைக் கட்டம் கட்டிக் காட்டி, மீதிக்கு ஒரு கூட்டல் குறியும் எண்ணும் போட்டுவிடும். புலனத்தில் கேட்கவே வேண்டாம். ஒருவருக்குப் பிடித்த ஒரே படத்தை மட்டும் அழுத்தி அனுப்புவார். அடுத்த குழுவுக்கு அது தனியாக, அநாதையாகப் போய்ச் சேரும். கீழே நாம் எழுதிய குறிப்பு அதோடு போகாது. ‘மீதியை அடுத்த படத்தில்’ என்ற வரி அங்கே அர்த்தமே இல்லாத வரி.

அதனால் இப்போது எங்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. மூன்று விஷயப் படங்களையும் தனித்தனியாக, ஒரு வார்த்தையும் சேர்க்காமல், பாட்காஸ்ட் பக்கமே வராத ஓர் அம்மாவுக்கு அனுப்புவோம். “இதைப் படிச்சிட்டு நாளைக்கு என்ன செய்வீங்கம்மா?” என்று கேட்போம். அவர் சொல்வது விருந்தினர் சொன்னதோடு ஒத்துப்போனால் படம் சரி. ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பை. அந்த அங்கிள் படத்தை இப்படி ஓர் அம்மாவுக்குக் காட்டியிருந்தால், “பாதி மாத்திரை போட்டுக்குவேன்” என்று பத்து விநாடியில் சொல்லியிருப்பார்.

இன்னொன்று, ஒவ்வொரு படத்தின் அடியிலும் விருந்தினர் யார், எந்த நிமிஷம், எந்தத் தேதி என்று சின்னதாக ஒரு வரி. படம் எங்கே தனியாகப் போனாலும் அதன் விலாசம் கூடவே போகும்.

அப்புறம், ஏற்றுவதற்கு ஒரு நாள் முன்னாடி ஆறு படத்தையும் விருந்தினருக்கே அனுப்புகிறோம். “நல்லா இருக்கா?” என்று கேட்பதில்லை; எல்லாரும் மரியாதைக்கு நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். “நீங்க சொல்லாதது எதாவது இதுல இருக்கா? நீங்க சொன்னதுல எதாவது விட்டுப் போச்சா?” என்று கேட்கிறோம். மிஸ்ஸி அக்காவுக்கு அன்றைக்கு அனுப்பியிருந்தால் நாலு படத்தையும் ஐந்து நிமிஷத்தில் திருத்திக் கொடுத்திருப்பார். நாங்கள் அனுப்பவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு முடித்து, பதினோரு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஏற்றிவிட்டோம்.

*தப்பு நடந்த பிறகு*

தெரிந்ததும் முதல் வேலையாகப் பதிவை நீக்கினோம். அது போதும் என்று நினைத்தது அடுத்த முட்டாள்தனம். நீக்கினால் எங்கள் பக்கத்தில் இருப்பதுதான் போகும். புலனத்தில் சுற்றும் படம் யார் யார் போனிலோ இருக்கிறது. அதை எங்களால் தொட முடியாது. அதைவிட மோசம், பதிவை நீக்கியதால் சந்தேகப்பட்டு வந்து பார்ப்பவருக்குப் பதிலும் இல்லாமல் போனது.

சரியான வழி, அதே நிறத்தில், அதே அளவில், ஒரே ஒரு படம். மேலே பெரிதாகத் ‘திருத்தம்’. நடுவில் தப்பான வரியைத் திரும்பப் போடாமல் சரியான வரி மட்டும். கீழே தேதி. எந்தெந்தக் குழுவில் பழைய படம் போனதோ அதே குழுக்களில் அதே ஆட்கள் மூலமாக. நாங்கள் இதைச் செய்ய நாலு நாள் எடுத்துக்கொண்டோம். ஏனென்றால் கூட்டத்தில் “ஆலயத்துக்குக் கெட்ட பேர் வரும், சும்மா விடுங்க” என்று சொன்னார்கள். அந்த நாலு நாளும் அங்கிள் பாதி மாத்திரைதான் போட்டுக்கொண்டிருந்தார். கெட்ட பேர் பற்றிப் பேசியவர்கள் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்கட்டும்.

எல்லா எபிசோடுக்கும் இவ்வளவு கடுமை வேண்டுமா என்றால், வேண்டாம். உருமி மேளக் குழுத் தம்பிகள் வந்து பேசிய எபிசோடுக்கு “எந்த வருஷம் மேளத் தோல் கிழிஞ்சது?” என்று போட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிரிப்பதற்குச் சஸ்பென்ஸ் வைக்கலாம். உடம்பு, மருந்து, பணம், சட்டம், அடுத்தவர் நம்பிக்கை என்று வந்தால் வைக்காதீர்கள். படத்தைப் பார்த்து ஒருவர் ஏதாவது செய்யப் போகிறார் என்றால், செய்ய வேண்டியது படத்திலேயே முழுசாக இருக்கணும்.

இந்த வருஷமும் மிஸ்ஸி அக்கா வருகிறார். கூப்பிடவே எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அவரோ, “வர்றேன் தம்பி. ஆனா போஸ்டரை முதல்ல எனக்கு அனுப்பு” என்றார். அனுப்புவோம் அக்கா.

மற்ற ஆலயங்களில் இதே வேலை செய்யும் தம்பி தங்கைகளே, இதை உங்கள் குழுவில் பகிருங்கள். பகிரும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். பாதியை வெட்டி அனுப்பாதீங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.